எக்ஸா, ஒய்யா: போண்டா வாங்கித் தரும் மேற்பார்வையாளரை எங்கே பொருத்துவது?

போன வாரம் வேலூரில் எங்கள் மாலை வகுப்பில் ஒரு 'பொருத்துக' கேள்வி கொடுத்தேன். மேலாண்மைப் பேராசிரியர் டக்ளஸ் மெக்ரிகர் 1960-ல் தன் புத்தகத்தில் வைத்த எக்ஸ், ஒய் கோட்பாடுகள்தான் பாடம்; தொழிலாளியைப் பற்றி மேலாளர் மனதில் இருக்கும் இரண்டு விதமான அனுமானங்களுக்கு அவர் வைத்த பெயர்கள் அவை. களம், ஆம்பூர்ப் பக்கம் ஷூவின் மேல்பாகம் தைக்கும் ஒரு லைன். அதில் நான்கு மேற்பார்வையாளர்கள் பேசுகிறார்கள்; இடப்பக்கத்தில் இருக்கும் அவர்கள் பேச்சை வலப்பக்கத்தில் இருக்கும் கோட்பாட்டோடு பொருத்த வேண்டும். முதல் இருவரை எல்லோரும் சரியாகப் பொருத்திவிட்டார்கள். மூன்றாமவரிடமும் நான்காமவரிடமும்தான் தடுமாறினார்கள்.

முதலாமவர் சொல்வது: "நான் அந்தப் பக்கம் நகர்ந்தா மிஷின் நின்னுடும். மணிக்கு ஒரு தடவை ஜோடிகளை எண்ணி போர்டுல எழுதினாத்தான் வேலை நடக்கும்." இது எக்ஸ். மனிதனுக்கு வேலை இயல்பிலேயே பிடிக்காது, கண்காணித்தால்தான் செய்வான் என்ற அனுமானம் அப்படியே இருக்கிறது. இரண்டாமவர், "இன்னைக்கு இத்தனை ஜோடி வேணும்னு சொல்லிடுவேன். யார் எந்த மிஷின்ல உக்காரணும்னு அவங்களே பேசிக்குவாங்க" என்கிறார். இது ஒய். ஒரு குறிக்கோளை ஏற்றுக்கொண்டவர் தன்னைத் தானே நடத்திக்கொள்வார் என்பது இவருடைய நம்பிக்கை.

மூன்றாமவர் இப்படிப் பேசுகிறார்: "நான் யாரையும் திட்டினதே இல்ல. நாலு மணிக்கு என் காசுல டீ, போண்டா வாங்கித் தருவேன். அது இல்லன்னா யாரு குனிஞ்சு தைப்பாங்க? பொறுப்பு எதுவும் கொடுத்துடக் கூடாது, பயந்து ஓடிடுவாங்க."

வகுப்பில் பாதிப் பேர் இவரை ஒய் என்று பொருத்தினார்கள். அன்பானவர், அதனால் ஒய் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் கேள்வி கேட்பது குணத்தை அல்ல, அனுமானத்தை. கையில் போண்டா இருந்தாலும் மனதுக்குள் இருப்பது "தூண்டில் போடாமல் இவர்கள் வேலை செய்ய மாட்டார்கள், பொறுப்பை ஏற்கவும் மாட்டார்கள்" என்ற எண்ணம்தான். எக்ஸ் அனுமானத்திலிருந்து கடுமையான வழியும் கிளம்பலாம், மென்மையான வழியும் கிளம்பலாம் என்று மெக்ரிகரே சொல்லியிருக்கிறார். மிரட்டல் ஒரு முனை, தாஜா செய்வது மறுமுனை. இரண்டுக்கும் வேர் ஒன்றே.

நான்காமவர் இதற்கு நேர் எதிர். தோலில் ஊசி ஒருமுறை இறங்கினால் ஓட்டை ஓட்டைதான். துணி மாதிரி பிரித்துவிட்டு அதே இடத்தில் மறுபடி தைக்க முடியாது. அதனால் இவர் ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் விரலை ஓட்டிப் பார்ப்பார். தையல் கொஞ்சம் விலகியிருந்தாலும் எடுத்துத் தனியாக வைத்துவிடுவார். அப்புறம் தைத்த பெண்ணிடம், "எங்க பிசகுச்சுன்னு நீயே பாரும்மா, நாளைக்கு எப்படி மாத்தலாம்னு சொல்லு" என்பார். கண்டிப்பானவர்தான், ஆனால் எக்ஸ் இல்லை. பிரச்சினையை யோசித்துத் தீர்க்கும் திறமை தைப்பவரிடமும் இருக்கிறது என்று இவர் எடுத்துக்கொள்கிறார். அது ஒய்யின் முக்கியமான அனுமானங்களில் ஒன்று. ஒய் என்றால் தரத்தைப் பார்க்காமல் விட்டுவிடுவது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

ஆக, வாக்கியத்தில் "ஏனென்றால்", "இல்லாவிட்டால்" வருகிற இடத்தைத் தேடுங்கள். மேற்பார்வையாளர் என்ன செய்கிறார் என்பது அதற்கு முன்பாதி. தொழிலாளியைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது பின்பாதி. பொருத்த வேண்டியது பின்பாதியை.

வலப்பக்கத்தில் அறிவியல் மேலாண்மையைச் சொன்ன டெய்லரும் இருந்தால் இன்னொரு குழப்பம் வரும். ஸ்டாப்வாட்ச் வைத்து ஒரு தையலுக்கு எத்தனை நொடி என்று அளந்து, சிறந்த முறை இதுதான் என்று நிர்ணயிப்பதாக வாக்கியம் இருந்தால் அது டெய்லர். அங்கே பேச்சு வேலை முறையைப் பற்றியது. "அளக்காவிட்டால் ஏமாற்றுவார்கள்" என்ற எண்ணமே வாக்கியத்தின் மையமாக இருந்தால் எக்ஸ். ஊக்கத்துக்கு இரு காரணிக் கோட்பாடு சொன்ன ஹெர்ஸ்பெர்க் எளிது: சம்பளம் குறைந்தால் அதிருப்தி வரும், கூடினால் மட்டும் ஊக்கம் வந்துவிடாது என்று இரண்டையும் பிரித்துப் பேசினால் அவர்தான்.

ஒரு மாணவர் கேட்டார்: "சார், முதலாமவர் நகர்ந்ததும் லைன் நிஜமாவே நின்னுபோச்சுன்னு கேள்வியில இருந்தா? அப்ப அவர் நினைச்சது உண்மைதானே?" அப்போதும் விடை எக்ஸ்தான். எக்ஸ் என்பது தொழிலாளி எப்படிப்பட்டவர் என்ற கண்டுபிடிப்பு அல்ல, மேலாளரின் எண்ணத்துக்கு மெக்ரிகர் வைத்த பெயர். அந்தச் சோம்பலே பெரும்பாலும் அப்படி நடத்தியதன் விளைவு என்பதுதான் அவர் வாதம். மணிக்கு மணி எண்ணப்பட்டவர்கள், எண்ணுகிறவர் போனதும் கையை எடுக்கத்தான் செய்வார்கள்.