அட்டையை எடுக்க உப்பா, நகமா?
கிணற்றடியில் காலில் அட்டை ஏறிவிட்டால் கை முதலில் தேடுவது உப்பைத்தான். உப்புப் பட்டதும் அது சுருண்டு விழும், உண்மைதான். ஆனால் குடித்த இரத்தத்தைக் கிருமிகளோடு கடிவாயிலேயே கக்கிவிடக்கூடும்.

எனக்கு நகமே மேல். ஒல்லியான முனையில்தான் வாய் இருக்கிறது. தோலை ஒட்டி நகத்தைச் செலுத்தி முதலில் அதை விடுவித்து, உடனே பருத்த முனையையும் நெம்பிச் சுண்டிவிட வேண்டும். தாமதித்தால் விரலிலேயே ஒட்டிக்கொள்ளும்! பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் அழுத்திப் பிடிக்கலாம். இரத்தம் உறையாமலிருக்க அட்டை சுரந்த பொருளால் கசிவு சில மணி நேரம் நீடிக்கலாம். மூக்கிலோ கண்ணிலோ புகுந்திருந்தால் இரண்டும் வேண்டாம், மருத்துவரிடம் போய்விடுங்கள்.

தோட்டத்தில் தூவும் உப்பும் அடுத்த மழையில் கரைந்து செடியின் வேரைத்தான் கெடுக்கும். புல்லை ஒட்ட வெட்டி, சருகை அள்ளி, வெயில் விழச் செய்தால் அட்டை குறையும்.