பில் படங்களை எக்செலாக்கித் தருபவர்களுக்கு மீதித் தொகையைக் கொடுக்கும் முன்

எங்கள் ஹார்டுவேர் கடையின் ஓராண்டுக் கொள்முதல் பில்களைப் புதிய பில்லிங் மென்பொருளில் ஏற்றுவதற்காக, அவற்றைப் படமெடுத்து ஒரு டேட்டா என்ட்ரி நிறுவனத்திடம் கொடுத்திருந்தோம். சுமார் 900 பில்களிலிருந்து 4,200 வரிசைகள் கொண்ட எக்செல் கோப்பு வந்தது. அதனுடன், "99 சதவீதம் துல்லியம்" என்று எழுதிய ஒரு சரிபார்ப்பு அறிக்கையும், மீதிப் பாதித் தொகையை உடனே அனுப்பும்படி ஒரு செய்தியும் வந்தன. அந்தக் கோப்பு கடையில் பயன்படுத்தத் தகுந்ததாக இல்லை. இதே வேலையை வெளியில் கொடுக்கவிருக்கும் சிறு வணிகர்கள் பணத்தைக் கொடுப்பதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த 99 சதவீதத்தைப் பற்றி. அது எதன் சதவீதம் என்று அறிக்கையில் இல்லை; கேட்டபோது, ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக எண்ணியதாகச் சொன்னார்கள். எங்கள் கோப்பில் ஒரு வரிசைக்குப் பத்துக் கட்டங்கள். கட்டத்துக்கு 99 சதவீதம் சரி என்றால், பத்தும் சரியாக அமைந்த வரிசைகள் ஏறக்குறைய 90 சதவீதம்தான் இருக்கும். அதாவது அவர்கள் பெருமையாகச் சொன்ன கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் சுமார் 400 வரிசைகளில் ஏதோ ஒரு பிழை இருக்கும். ஆகவே வேலையைக் கொடுக்கும்போதே, ஒரு கட்டம் தவறானாலும் முழு வரிசையும் தவறு என்றே எண்ணப்படும் என எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் அது எந்தப் படத்திலிருந்து எடுக்கப்பட்டது என்ற கோப்புப் பெயர் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எங்களுக்கு வந்த முதல் கோப்பில் அது இல்லாததால், அதைக் கேட்டு வாங்கும்வரை எதையும் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாமல் இருந்தது.

அவர்களுடைய அறிக்கையில் சரிபார்க்கப்பட்டிருந்த வரிசைகள் எல்லாம் கோப்பின் தொடக்கத்திலிருந்து வந்தவை; அங்கே இருந்தவை கணினியில் அச்சிட்ட, எழுத்துத் தெளிவான பில்கள். மாதிரியை நாம்தான் எடுக்க வேண்டும். அதையும் கண்ணுக்குப் பட்டபடி எடுக்கக் கூடாது. கோப்பின் கடைசியில் ஒரு புதிய நெடுவரிசை சேர்த்து, எல்லா வரிசைகளிலும் இதை இடுங்கள்:

```
=RAND()
```

பிறகு அந்த எண்களை நகலெடுத்து மதிப்புகளாக மட்டும் ஒட்டி (இல்லையெனில் ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டே இருக்கும்), அவற்றின்படி வரிசைப்படுத்தி, மேலிருந்து தேவையான அளவு எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் அச்சு பில்களையும் கையெழுத்து பில்களையும் இரண்டு குவியலாகப் பிரித்துவிடுவது மிக முக்கியம். எங்களிடம் அச்சு பில் வரிசைகள் 3,000, கையெழுத்து பில் வரிசைகள் 1,200. ஒவ்வொன்றிலும் 100 வரிசைகளை எடுத்துப் பார்த்ததில், அச்சில் ஒன்றுதான் தவறு. கையெழுத்தில் 14 தவறு. இரண்டையும் கலந்து எடுத்திருந்தால் ஏறக்குறைய 5 சதவீதம் என்று வந்திருக்கும். கையெழுத்து பில்களின் வரிசைகள் ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று கெட்டுக் கிடப்பது அந்தச் சராசரிக்குள் மறைந்துபோயிருக்கும்.

ஒப்பிடும்போது எக்செலில் உள்ள எண்ணைப் பார்த்துவிட்டுப் படத்தைப் பார்க்காதீர்கள். 385 என்று முன்பே படித்துவிட்ட கண், மங்கலான 335-ஐயும் 385 என்றே படிக்கும். படத்தை மட்டும் திறந்து, பொருள், அளவு, எண்ணிக்கை, விலை, தொகை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதன் பிறகு கோப்புடன் ஒப்பிட வேண்டும். இப்படிச் செய்ததில்தான் எங்கள் பிழைகளின் வகைகள் தெரிந்தன. மேலே உள்ளதே கீழேயும் என்பதற்காகக் கடைக்காரர்கள் போடும் இரட்டைக் கோடு 11 என்று பதிவாகியிருந்தது. 1/2 இஞ்சு எல்போவின் அளவை எக்செல் தானாகவே பிப்ரவரி 1 என்ற தேதியாக மாற்றியிருந்தது. அளவு நெடுவரிசையை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என அமைக்காமல் தட்டச்சு செய்திருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சான்று.

எல்லாவற்றையும்விட என்னைக் கோபப்படுத்தியது தொகை நெடுவரிசைதான். எண்ணிக்கையை விலையால் பெருக்கித் தொகையைக் கழித்துப் பார்த்தால், 4,200 வரிசைகளிலும் வித்தியாசம் பூஜ்யம். கையால் எழுதிய பில்கள் இத்தனையில் ஒன்றுகூடப் பைசா அளவில் பிசகாமல் இருப்பது நடக்கக்கூடியதல்ல. ஒரு பில்லில் 24 எண்ணிக்கை, விலை 85 ரூபாய், 10 சதவீதத் தள்ளுபடி போக 1,836 என்று தெளிவாக எழுதியிருந்தது. கோப்பில் 2,040 என்று இருந்தது. தொகையைப் படத்திலிருந்து படிக்கவே இல்லை; சூத்திரத்தால் நிரப்பி, சூத்திரத்தை அழித்துவிட்டு எண்களை மட்டும் விட்டிருக்கிறார்கள். எங்களுக்கு 76 ரூபாய் 50 காசுக்கு வந்த சரக்கு 85 ரூபாய் அடக்கவிலையில் மென்பொருளில் ஏறியிருக்கும். ஆகவே கணக்கு நேராக வருகிறது என்பதை மட்டும் வைத்து எந்தக் கோப்பையும் ஏற்றுக்கொள்ள வேண்டாம். அளவுக்கு மீறி நேராக வந்தால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள்.

இவ்வளவு செய்தாலும் ஒரு வகைப் பிழை இந்த வழியில் சிக்கவே சிக்காது. கோப்பில் இருக்கும் வரிசைகளிலிருந்து மாதிரி எடுத்தால், கோப்பில் இல்லாத வரிசை அந்த மாதிரியில் எப்படி வரும்? அதற்கு எதிர்த்திசையில் போக வேண்டும். படங்களின் பட்டியலிலிருந்து 40 பில்களை அதே முறையில் எடுத்து, ஒவ்வொரு பில்லிலும் உள்ள பொருள்களை எண்ணி, அத்தனையும் கோப்பில் உள்ளனவா என்று பார்த்தேன். மூன்று பில்களில் வரிசைகள் விடுபட்டிருந்தன. மூன்றும் இரண்டாம் பக்கத்துக்குத் தொடரும் பில்கள். பில்லின் அடியில் உள்ள மொத்தத் தொகையைத் தனி நெடுவரிசையாகப் படத்தைப் பார்த்தே பதிய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் வைத்தால், வரிசைகளின் கூட்டுத்தொகையையும் தள்ளுபடி, வரி ஆகியவற்றையும் அதனுடன் ஒப்பிட்டு, இத்தகைய விடுபடல்களை மாதிரி எடுக்காமலே எல்லாப் பில்களிலும் பிடித்துவிடலாம்.

100 வரிசைகளில் பிழையே கிடைக்கவில்லை என்றாலும், குவியலில் 3 சதவீதம் வரை பிழை இருக்க இடமுண்டு. 1 சதவீதத்துக்குள் என்று ஓரளவு நம்பிக்கையுடன் சொல்ல, பிழையில்லாத 300 வரிசைகள் வேண்டும். அதேபோல 100-க்கு 14 என்பதை வைத்துக் கையெழுத்துக் குவியலில் சரியாக 168 பிழைகள் என்று சொல்ல முடியாது. அது 100 முதல் 260 வரை எங்கும் இருக்கலாம். ஆனால் வேலையைத் திருப்பி அனுப்புவதற்கு அந்தக் குறைந்தபட்ச எண்ணே போதும்.

திருப்பி அனுப்பும்போது, கண்டுபிடித்த பிழைகளில் பாதியை மட்டும் பட்டியலிட்டு, கையெழுத்து பில்கள் முழுவதையும் மீண்டும் பார்க்கும்படி எழுதினேன். இரண்டே நாளில் "முழுவதும் சரிசெய்யப்பட்டது" என்று கோப்பு வந்தது. பட்டியலில் இருந்த வரிசைகள் மட்டும் திருத்தப்பட்டிருந்தன. நான் சொல்லாமல் வைத்திருந்தவை அனைத்தும் அப்படியே இருந்தன. மீதித் தொகையை நான் கொடுக்கவில்லை. முன்பணம் திரும்பவில்லை. கையெழுத்து பில்களை இப்போது எங்கள் கடைக் கணக்கரே தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்.