முழங்கால் நோவுக்கு எந்தக் குளிசை? சிறுநீரகம் தளர்ந்தவருக்கான ஓர் ஒப்பீடு

யாழ்ப்பாணத்தில் மாதாந்தக் கிளினிக்குக்குப் போய்வரும் 68 வயது அம்மா ஒருவரை எடுத்துக்கொள்வோம். நீரிழிவுக்கு மெற்போமினும், இரத்த அழுத்தத்துக்கு லொசாட்டனும், அதனுடன் சிறுநீரை அதிகம் போகச்செய்யும் ஹைட்ரோகுளோரோதயசைட்டும் எடுக்கிறார். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின், அவருடைய இரத்தத்தில் டெசிலீற்றருக்கு 1.6 மில்லிகிராம். எண் சிறிதாகத் தெரிந்தாலும், வயதையும் பெண் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் சிறுநீரகத்தின் வடிகட்டல் வீதம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 35 மில்லிலீற்றர்தான் வருகிறது; 60க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நின்றாலே அது நாட்பட்ட சிறுநீரக நோய். இப்போது அவருக்கு முழங்கால் நோ. கைக்கெட்டும் தெரிவுகள் நான்கு: டைக்ளோபெனக் குளிசை, பரசிற்றமோல், டைக்ளோபெனக் ஜெல், ட்ரமடோல்.

நோவை விரைவாகத் தணிப்பது டைக்ளோபெனக்; இவருக்கு மிகவும் ஆபத்தானதும் அதுவே. சிறுநீரக வடிகட்டிக்குள் இரத்தத்தைக் கொண்டுவரும் நுண்குழாயை விரித்து வைத்திருப்பவை புறொஸ்டாகிளாண்டின் எனும் பொருட்கள். டைக்ளோபெனக்கும் இபுபுறூபனும் அவற்றின் உற்பத்தியைத் தடுப்பதால் உள்வரும் குழாய் சுருங்குகிறது. லொசாட்டனோ வெளிச்செல்லும் குழாயை விரிக்கிறது. சிறுநீர்க் குளிசை உடலின் நீரைக் குறைக்கிறது. உள்ளே வருவது குறைந்து, வெளியே போவது இலகுவாகி, மொத்த நீரும் குறைந்தால் வடிகட்டியில் அழுத்தமே இராது. சாதாரண நாளில் எப்படியோ சமாளிக்கும் அந்தச் சிறுநீரகம், கந்தசஷ்டி விரதத்தில் நீராகாரமும் குறைந்திருக்கும்போதோ, வயிற்றோட்டம் வந்த நாளிலோ திடீரெனச் செயலிழக்கக்கூடும். பொட்டாசியமும் கூடவே ஏறும். வெக்கைக்கு நல்லதென்று குடிக்கும் இளநீர் அதை இன்னும் ஏற்றும்.

இங்கே இரண்டு தவறான ஆறுதல்கள் உலவுகின்றன. ஊசியாகப் போட்டால் கெடுதியில்லை என்பது ஒன்று. ஊசி மருந்தும் இரத்தத்தின் வழியாகவே சிறுநீரகத்தை அடைகிறது. கூடவே ஒரு ஓமிப்பிரசோல் போட்டால் போதும் என்பது மற்றது. அது காப்பது இரைப்பையை மட்டுமே. இரைப்பைக்கு இதமானதெனப் பெயர்பெற்ற செலிகொக்சிப், எட்டோரிகொக்சிப் ஆகிய நோக் குளிசைகளும் சிறுநீரகத்தைப் பொறுத்தவரை டைக்ளோபெனக்கின் உறவினர்தாம்.

பரசிற்றமோல், நம்மூர் வழக்கில் பனடோல், அந்த நுண்குழாயைப் பெரிதாகத் தொடுவதில்லை. எனவே முதல் தெரிவு அதுவே. 500 மில்லிகிராம் குளிசை இரண்டு வீதம் நாளுக்கு மூன்று வேளை, இடையில் ஆறு மணித்தியாலத்துக்குக் குறையாமல் எடுக்கலாம். உடல் மெலிந்தவர்களுக்கும் ஈரல் நோயுள்ளவர்களுக்கும் இதிலும் குறைக்க வேண்டும். தடிமன் குளிசைகளிலும் பரசிற்றமோல் இருப்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். நீரில் கரையும் வகையில் சோடியம் அதிகம் என்பதால் இரத்த அழுத்தக்காரர் அதைத் தவிர்ப்பது நன்று. இதன் குறை, தேய்ந்த மூட்டின் நோவை அது முழுதாக எடுக்காது என்பதே.

அந்த மிச்ச நோவுக்கு ஜெல் நல்ல துணை. பூசும் டைக்ளோபெனக்கில் இரத்தத்துக்குச் சேர்வது, குளிசையாக விழுங்கும்போது சேர்வதில் ஒரு சிறு பங்குதான். ஒரு முழங்காலுக்கு, அளவோடு, சில வாரங்களுக்கு என்றால் இந்த அம்மாவுக்கு வைத்தியரின் பார்வையில் அதை அனுமதிக்கலாம். வீதம் 30க்குக் கீழே இறங்கியவருக்கு நான் அவ்வளவு துணிய மாட்டேன்.

ட்ரமடோல் வடிகட்டியைக் கெடுப்பதில்லை. ஆனால் அதுவும் அதன் வீரியமுள்ள சிதைபொருளும் சிறுநீர் வழியாகவே வெளியேறுவதால், தளர்ந்த சிறுநீரகத்தில் தேங்கும். வீதம் 30க்குக் கீழே என்றால் வேளைகளுக்கிடையே 12 மணித்தியாலம் விட்டு, நாளுக்கு 200 மில்லிகிராமுக்கு மேற்போகாமல் கொடுப்பது வழக்கம். பகலிலும் தூக்கம், தலைச்சுற்று, தடுமாற்றம் வந்தால் மருந்து தேங்குகிறதென்று எண்ண வேண்டும். கால் எரிவுக்குத் தரப்படும் கபாபென்ரினும் இதே வகையில் தேங்கும். அதன் அளவையும் வீதத்துக்கேற்பக் குறைக்க வேண்டும். இவரது மெற்போமினும் 35 என்ற வீதத்தில் நாளுக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. 30க்குக் கீழே நிறுத்தப்படும்.

பாமசியில் பெயரெழுதாத வெள்ளை உறையில், "காலை 1, இரவு 1" என்று மட்டும் குறித்து வரும் நோக் குளிசைகள் இந்த ஒப்பீடு முழுவதையும் வீணாக்கிவிடும். கிளினிக் கொப்பியைக் காட்டி, மருந்தின் பெயரை உறையில் எழுதித்தரும்படி கேட்க வேண்டும். இந்த அம்மா ஏற்கனவே சில நாட்கள் டைக்ளோபெனக் விழுங்கியிருந்தால், கால் வீக்கமோ சிறுநீர்க் குறைவோ தெரியும்வரை காத்திருக்கலாகாது. பல வேளைகளில் எதுவும் தெரிவதேயில்லை. அதை நிறுத்திவிட்டு, அந்த வாரத்துக்குள்ளேயே கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் பார்த்து, முந்தைய அறிக்கையோடு ஒப்பிட வேண்டும். வாந்தியோ வயிற்றோட்டமோ கூட இருந்தால் அன்றே வைத்தியரைக் கண்டு, லொசாட்டன், சிறுநீர்க் குளிசை, மெற்போமின் மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தலாமா என்று கேட்க வேண்டும்.