தோட்டத்துச் சாலையில் ஸ்கூட்டர்: ரோலர் தேய்ந்தால் என்ன ஆகும்

சுங்கை சிப்புட்டில் தோட்டத்துக்குள் போய்வர பெரும்பாலானோர் வைத்திருப்பது கியர் மோட்டார்தான். நான் 150 சிசி ஸ்கூட்டர் வாங்கியபோது "மேட்டுல திணறும்ணே" என்றார்கள். திணறவில்லை. செம்பனைக்கு நடுவே செம்மண் சாலை, பின்னால் மனைவி, காலடியில் அரிசி மூட்டை என்று சில வருடங்களாக ஓடுகிறது. இன்ஜினைப் பற்றிக் குறையே இல்லை. சொல்ல வேண்டியதெல்லாம் இடப்பக்க மூடிக்குள் இருக்கிறது.

அங்கே இன்ஜின் தண்டில் இரண்டு கூம்புத் தட்டுகள் எதிரெதிரே இருக்கும். ஒன்று நிலையானது, மற்றது நகரும். நடுவில் வி வடிவ பெல்ட். நகரும் தட்டின் முதுகில் ஆறு பள்ளங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ரோலர், அவற்றை மூடியபடி ஒரு சாய்வுத் தட்டு. இன்ஜின் வேகமெடுத்தால் ரோலர்கள் வெளிவிளிம்பை நோக்கி ஓடும். வெளியே போகப் போக இடம் குறுகுவதால் கூம்பை நெட்டித் தள்ளும். இரண்டு தட்டும் நெருங்கினால் பெல்ட் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். பெல்ட்டின் நீளம் மாறாதே! அதனால் பின்சக்கரப் பக்கத்துக் கூம்புகளை விலக்கி, அங்குள்ள ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு உள்ளே இறங்கும். முன்னால் சின்ன வட்டம், பின்னால் பெரிய வட்டம் என்றால் இழுவை. அது தலைகீழானால் வேகம்.

மேட்டில் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பின் கூம்பில் சாய்வாக வெட்டிய காடிகளும் அவற்றில் ஓடும் முளைகளும் உண்டு. சுமை கூடும்போது அந்தச் சாய்வு பின் தட்டுகளை நெருக்கிவிடும். பெல்ட் பின்னால் மேலே ஏறும், முன்னால் கீழே இறங்கும், இழுவை திரும்பிவிடும்.

சுமார் 20,000 கிலோமீட்டர் தாண்டியபோது 40-க்கும் 50-க்கும் இடையில் ஒரு முரண்டு தொடங்கியது. இன்ஜின் சத்தம் ஏறும், வண்டி அப்படியே போகும், திடீரென்று ஒரு உந்து உந்தும். பெட்ரோலில் தண்ணீரோ என்று முதலில் தோன்றும். ஆனால் சத்தம் குறையாமல் வேகம் மட்டும் தங்கினால் கோளாறு பெரும்பாலும் பெல்ட் பக்கம்தான். பட்டறைத் தம்பி மூடியைக் கழற்றி, ரோலரைத் தரையில் உருட்டிக் காட்டினார். "பாருங்கண்ணே, உருளல." 20 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய விட்டம் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, நகத்தால் தடவினாலே தட்டையாகத் தெரிந்தது. அந்தத் தட்டையான இடத்தில் ரோலர் உட்கார்ந்துகொள்ளும். சுழல்விசை போதுமான அளவு கூடும்வரை நகராது, கூடியதும் குதிக்கும். அந்த உந்தலுக்குக் காரணம் இதுதான்.

மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யச் சொன்னேன். நிலையான தட்டின் பெல்ட் உரசும் முகத்தில், நடுவிலிருந்து விளிம்புவரை மார்க்கர் பேனாவால் ஒரு கோடு. மூடியை மாட்டி, நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் பெல்ட் எதுவரை ஏறியதோ அதுவரை கோடு அழிந்திருக்கும். விளிம்பில் ஒரு விரலகலம் அழியாமல் இருந்தது. அதே எடையில் புது ரோலர் போட்டு மறுபடி ஓட்டினோம். கோட்டில் மிஞ்சியது ஓரத்தில் ஒரு கீற்று. அதே சோதனையில் புது ரோலருக்குப் பிறகும் கோடு நிறைய மிஞ்சினால், பெல்ட்டின் அகலத்தை அளக்க வேண்டும். தேய்ந்து மெலிந்த பெல்ட் ஆழத்திலேயே நின்றுவிடும்.

அப்புறம் லேசான ரோலர். உதிரிப்பாகக் கடையில் எல்லாரும் கேட்பது அதுதான். நானும் 11 கிராமை எடுத்துவிட்டு 9 கிராம் போட்டுப் பார்த்தேன். சுழல்விசை எடையோடும், சுற்று வேகத்தின் இருமடியோடும் கூடுகிறது. ஆக, எடை 11-லிருந்து 9-க்கு இறங்கினால் அதே தள்ளு கிடைக்க இன்ஜின் ஏறக்குறைய 10 சதவீதம் அதிகம் சுற்ற வேண்டும். முன்பு 6,000 சுற்றில் நடந்தது இப்போது 6,600-இல் நடக்கும். மேட்டில் நன்றாகத் துள்ளியது, உண்மை. ஆனால் ஈப்போ போகும் சமதளச் சாலையில் காதுக்குள் ஒரே இரைச்சல், பெட்ரோலும் கூட. உச்ச வேகமோ கூடவில்லை, ஏனென்றால் பெல்ட் ஏறக்கூடிய உயரத்தைத் தீர்மானிப்பது தட்டின் அளவும் பெல்ட்டின் அகலமும்தான், ரோலரின் எடையல்ல. மறுபடி 11-க்கே வந்துவிட்டேன். எந்நேரமும் மேட்டிலேயே சுமை ஏற்றுபவர் என்றால் 10 கிராம் போடலாம், அதற்குக் கீழே வேண்டாம் என்பேன்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று ஒன்றைக் கவனியுங்கள். முன் நட்டை முறுக்குமுன் பின் கூம்புகளை விரித்து பெல்ட்டை உள்ளே அழுத்தி வைக்க வேண்டும். இல்லையென்றால் முன்னால் தொங்க இடமில்லாமல் பெல்ட் தட்டுகளுக்கு நடுவே நசுங்கி நிற்கும். நட்டு இறுகியது போலத் தெரிந்தாலும் ஓடும்போது தளர்ந்து, தண்டின் பற்களையே தின்றுவிடும். ரோலர் பள்ளத்தில் கிரீஸ் வேண்டுமா என்பதை வண்டியின் கையேடு சொல்லும். என்னுடையது உலர்ந்தே ஓடுவது. பெல்ட்டில் கிரீஸ் பட்டால் வழுக்கும்.

செம்மண் தூசிக்காக, பெல்ட் மூடியில் காற்று இழுக்கும் இடத்து ஸ்பாஞ்சை ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்தின்போதும் தட்டிச் சுத்தம் செய்கிறேன். இரண்டாவது ரோலர் செட்டைப் போன மாதம் திறந்து பார்த்தோம், இன்னும் வட்டமாகவே இருக்கிறது.