ஓடின வீடியோவ பாட்காஸ்ட், கட்டுரை, கரோசல்னு மாத்தினா எது தேறும்?

ஒரு வீடியோ நல்லா ஓடிருச்சுன்னா ஆடியோவ உருவி பாட்காஸ்ட்னு போடுறது, சப்டைட்டில காப்பி பண்ணி கட்டுரைன்னு போடுறது, நாலு ஸ்கிரீன்ஷாட்ட அடுக்கி கரோசல்னு போடுறது, இப்படித்தான் நிறைய பேர் பண்றாங்க, மூணுமே பெரும்பாலும் படுத்துரும். அந்த வீடியோல ஜனங்க எந்த இடத்துல நின்னு பாத்தாங்கன்னு கவனிக்காம மாத்துறதுதான் காரணம்.

யூடியூப் ஸ்டுடியோல வீடியோவோட எந்தெந்த இடத்த எவ்வளவு பேர் பாத்தாங்கன்னு காட்டுற ரிட்டென்ஷன் கிராஃப் இருக்குல்ல, அதுல மேடு தெரியுற இடத்த திரும்பத் திரும்ப பாத்திருக்காங்கன்னு அர்த்தம். ஆனா மேடு எல்லாமே பிடிச்சுப்போய் வந்ததில்ல. சமையல் வீடியோல பொருளோட அளவ ரெண்டே செகண்ட் திரையில காட்டிட்டு எடுத்துட்டீங்கன்னா படிக்க முடியாமலும் திரும்ப வருவாங்க, அதனால அந்த நிமிஷத்த ஓட்டிப் பாத்துட்டுதான் முடிவு பண்ணணும்.

இரும்புக் கல்லுல தோசை ஏன் ஒட்டுதுங்கற வீடியோவ எடுத்துக்குவோம். மேடு எங்கன்னா கல்லுல தண்ணி தெளிக்கிற இடத்துல. சூடு பதமா இருந்தா சொய்ங்னு சத்தம் வந்து ஆவியாயிரும், அளவுக்கு மீறி காஞ்சிருந்தா துளி உடனே ஆவியாகாம முத்து மாதிரி உருண்டு ஓடும், அப்ப மாவ ஊத்தினா பரவாம கரண்டியோடயே சுருட்டிக்கிட்டு வரும். இந்த வித்தியாசம்தான் வீடியோவோட உயிர்.

இத கரோசல் நல்லாவே தாங்கும். முதல் படத்துல தலைப்பு வேணாம், கரண்டியில சுருண்டு வந்த மாவையே பெருசா வைங்க, அடுத்ததுல உருளுற துளியும் கொதிக்கிற துளியும் பக்கத்துல பக்கத்துல. வீடியோல ஒண்ணு போய்தான் இன்னொன்னு வரும், இங்க ரெண்டையும் ஒரே பார்வையில ஒப்பிடலாம், அந்த வகையில வீடியோவவிட இதுவே தெளிவு. வீடியோ பிரேம வெட்டி எடுத்தா மங்கலா வரும்ங்க, துளிய தனியா போட்டோ எடுத்துருங்க.

கட்டுரை வேற ரகம். படிக்கறவங்க தோசை ஒட்டின கையோட தேடி வராங்க, வீடியோ மாதிரி கடைசி வரைக்கும் காக்க வைக்கக் கூடாது, விடைய முதல் பத்தியிலேயே சொல்லிரணும். ஸ்டுடியோல டிராஃபிக் பகுதியில என்ன வார்த்தை போட்டு தேடி வந்தாங்கன்னு வரும், துணைத்தலைப்ப அதுலருந்தே எடுக்கலாம். திரையில வேகமா போன அளவு எல்லாம் இங்கதான் நிதானமா உக்காரும்.

பாட்காஸ்ட்டுக்கு இந்த வீடியோ கஷ்டம்தான். "இங்க பாருங்க, இப்படி வரணும்"னு சொல்ற இடமெல்லாம் கேக்கறவங்களுக்கு வெறும் சத்தம். போடணும்னா புதுசா பேசித்தான் பதியணும், மைக்க கல்லு பக்கத்துல வச்சு பதமான சூட்டுல சொய்ங்னு வர்றதையும் அதிக சூட்டுல அந்த சத்தம் அடங்கிப்போறதையும் அடுத்தடுத்து கேக்க விட்டா வித்தியாசம் காதுக்கே புரியும். மேட்டர் அதிகபட்சம் ஆறேழு நிமிஷம், இழுத்து அரை மணி நேரம் ஆக்காதீங்க.

என்னோட வரிசை கரோசல், கட்டுரை, முடிஞ்சா கடைசியா பாட்காஸ்ட். ரெண்டு பேர் உக்காந்து பேசுற வீடியோவா இருந்து, கிராஃப் மேடு பள்ளம் இல்லாம சீரா போச்சுன்னா இது அப்படியே தலைகீழ், அங்க பேச்சுதான் ஆள நிறுத்தியிருக்கு, ஆடியோவ உருவினாலே பாதி வேலை முடிஞ்சுரும், கரோசலுக்கு வெறும் மேற்கோள் வரிதான் மிஞ்சும்.