பையனின் பேண்ட்: முழு எலாஸ்டிக்கா, உள்ளே பட்டன் வைத்ததா?

பையன்களின் பேண்டில் இடுப்பு இரண்டு விதமாக வருகிறது. ஒன்று, சுற்றிலும் சுருக்கித் தைத்த முழு எலாஸ்டிக். மற்றது வெளியே ஜிப், பட்டனோடு இருக்கும். பட்டிக்குள் ஓடும் எலாஸ்டிக் நாடாவில் வரிசையாகக் காஜா இருக்கும். நாடாவை வேண்டிய அளவு இழுத்து உள்பக்கப் பட்டனில் மாட்டிக்கொள்ளலாம். என் மகன் இரண்டையும் போட்டிருக்கிறான். இப்போது நான் வாங்குவது இரண்டாவதைத்தான்.

முழு எலாஸ்டிக்கின் வசதி தெரிந்ததே. கழிப்பறைக்கு ஓடும் அவசரத்தில் குழந்தை தானே இறக்கிக்கொள்வான். நாலைந்து வயது வரை அது போதும்.

அப்புறம்தான் சிக்கல். அந்த வயதுக்கு மேல் பையன் வருடத்துக்குச் சுமார் 5, 6 செ.மீ. உயர்வான், இடுப்போ ஒன்றிரண்டு செ.மீ.தான் கூடும். எனவே சைஸை உயரம் தீர்மானிக்கட்டும், இடுப்பைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். அதற்கு இடம் கொடுப்பது உள்பட்டன் பேண்ட்தான்.

128 செ.மீ. உயரம், 54 செ.மீ. இடுப்பு உள்ள ஒல்லிப் பையனை எடுத்துக்கொள்வோம். இடுப்பை மட்டும் பார்த்தால் சில அளவுப் பட்டியல்கள் 116 சைஸில், அதாவது 116 செ.மீ. உயரத்துக்கான சைஸில் கொண்டுபோய் நிறுத்தும். அதைப் போட்டால் கணுக்கால் தெரியும் என்பது சின்ன விஷயம். இடுப்புப் பட்டிக்கும் கவட்டுக்கும் நடுவே துணி போதாது. குந்தினால் பின்பக்கம் இறங்கிவிடும். எலாஸ்டிக் எவ்வளவு நீண்டாலும் இந்தக் குறை தீராது.

அதே பையனுக்கு வளரும் இடம் விட்டு 134 எடுக்கலாம். பட்டி 62 இருந்தால் 8 செ.மீ. குறைக்க வேண்டும். காஜாக்களுக்கு நடுவே 2 செ.மீ. என்றால், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு இழுத்தால் முடிந்தது. காலில் மிஞ்சும் 3 செ.மீ. போல உள்ளதை உள்ளே மடித்துத் தளர்வாகத் தைத்துவிட்டால், உயரும்போது தையலைப் பிரிக்கலாம். இதே 134-ஐ முழு எலாஸ்டிக்கில் வாங்கினால் பட்டி தளர்ந்து, பாக்கெட்டில் கனமாக ஏதாவது போட்டதும் இறங்கும்.

இழுப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. 8 செ.மீ.க்கு மேல் போனால் பின்பக்கம் சுருக்கம் குவியும், பாக்கெட் வாய் பிளக்கும். அப்படித் தெரிந்தால் ஒரு சைஸ் குறைத்து எடுங்கள்.

சரி, இடுப்பு பருத்த பையன்? என் மகன் ஒல்லி, அதனால் அக்கம்பக்கத்தில் பார்த்ததை வைத்தே சொல்கிறேன். உள்பட்டன் நாடா இடுப்பைக் குறைக்குமே தவிர, பட்டி அளவுக்கு மேல் கூட்டாது. 128 உயரத்துக்கு 66 இடுப்பு என்றால், அதற்காகப் பெரிய சைஸ் எடுத்தால் கவட்டு தொங்கும். அங்கே உயரத்துக்கேற்ற முழு எலாஸ்டிக் நல்லது. வாங்கும் முன் பட்டியைக் கையால் நன்றாக இழுத்துப் பிடித்து அளந்து, இரண்டால் பெருக்குங்கள். 66-ஐ எட்டுவதோடு நின்றால் அது வயிற்றில் தடம் பதிக்கும். இன்னும் தாராளமாக விரிய வேண்டும்.