ஒரே தலைப்பு, மூன்று கட்டுரை, மதிப்பெண் மறைத்து: பத்தாம் வகுப்பில் பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் பொதுக்கட்டுரைக்கு 8 மதிப்பெண். திருத்திக் கொடுத்த தாளில் மாணவர்கள் பார்ப்பது அந்த எண்ணை மட்டும்தான். ஓரத்தில் நான் எழுதும் குறிப்பைப் படிப்பவர்கள் குறைவு. அதனால் சில கல்வியாண்டுகளாக வேறு வழியில் போகிறேன். முன்பு படித்தவர்களின் கட்டுரைகளில் மூன்றைப் பெயர் நீக்கிக் கொடுத்து, இப்போதைய மாணவர்களையே தரம் பிரிக்கச் சொல்கிறேன். சொந்தக் கட்டுரையைத் திருத்துவது அதற்கு அப்புறம்தான். நல்ல எழுத்து எது என்று மாணவருக்கே தெரியாதபோது ஆசிரியரின் குறிப்பால் பயனில்லை என்று கல்வி ஆய்வாளர் ராய்ஸ் சாட்லர் 1989இல் எழுதியதன் வகுப்பறை வடிவம்தான் இது.

மூன்றையும் நானே ஒரே கையெழுத்தில் படியெடுத்து ஜெராக்ஸ் போடுகிறேன். இல்லையென்றால் அழகான கையெழுத்துதான் ஜெயிக்கும். மதிப்பெண்ணைச் சொல்வதில்லை. மூன்றும் கிட்டத்தட்ட ஒரே நீளம். 2 மதிப்பெண் கட்டுரையைச் சேர்ப்பதில்லை. அது மோசம் என்று எல்லோருக்கும் உடனே தெரிந்துவிடுவதால் அதில் கற்க ஒன்றுமில்லை. 4, 5, 7 என்று நெருக்கமாக இருந்தால்தான் வாக்குவாதம் வரும்.

‘விண்வெளியும் கல்பனா சாவ்லாவும்’ தலைப்பை எடுத்துக்கொள்வோம். முதல் கட்டுரையில் இப்படி ஒரு பத்தி: “கல்பனா சாவ்லா இந்தியாவுக்குப் பெருமை சேர்த்தார். அவர் பெண்களுக்கு முன்மாதிரி. அவரைப் போல் நாமும் சாதிக்க வேண்டும்.” நடுவில் ஒரு குறள், அடிக்கோடிட்ட உட்தலைப்புகள். இரண்டாவதில் தகவல் உண்டு: கர்னாலில் பிறந்தார், 1997இல் கொலம்பியா விண்கலத்தில் பறந்தார், 2003இல் இறந்தார். ஆனால் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் தொடர்பில்லை. மூன்றாவது இப்படிப் போகிறது: “1997இல் தன்னை விண்வெளிக்குக் கொண்டுசென்ற அதே கொலம்பியாவில்தான் 2003இல் திரும்பும்போது அவர் உயிரிழந்தார். புறப்படும்போதே எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இடது இறக்கையில் மோதியிருந்தது.”

முதல் சுற்றில் பாதி வகுப்பு முதல் கட்டுரைக்குத்தான் கை தூக்கும். “குறள் இருக்குல்ல ஐயா!” என்பார்கள். சரி என்று விட்டுவிட்டு ஒன்று மட்டும் கேட்பேன்: கல்பனா பெயரை எடுத்துவிட்டுப் பி.டி. உஷா பெயரைப் போட்டால் எந்தப் பத்தி அப்படியே நிற்கும்? வகுப்பு சிரிக்கும். முதல் கட்டுரை ஒரு கீறல்கூட விழாமல் நிற்கும், மூன்றாவது உடனே உடைந்துபோகும். இந்தச் சோதனையை அவர்கள் பிறகு மறப்பதில்லை.

அடுத்த பாடவேளையில் வேறு தலைப்பு. அதே தலைப்பென்றால் மூன்றாவது கட்டுரையைப் பார்த்து எழுதிவிடுவார்கள். எழுதி முடித்ததும், தன் கட்டுரை எந்த இரண்டு மாதிரிக்கு நடுவில் வரும் என்று முடிவு செய்து, அதற்குச் சாட்சியான வரியை அடிக்கோடிட வேண்டும். பனைமரம் பற்றி ஒரு மாணவி “பனை பல நன்மைகளைத் தருகிறது, நம் முன்னோர் அதைப் போற்றினர்” என்று எழுதியிருந்தாள். பனையை எடுத்துவிட்டுத் தென்னையைப் போட்டுப் பார்த்து, தானே முகம் சுளித்தாள். திருத்திய வரி: “பதநீர் இறக்கும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள், தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும்.” என் பேனா அந்தத் தாளைத் தொடவே இல்லை.

குறைகளும் உண்டு. சந்திப்பிழை, ஒற்றுப்பிழைக்கு இந்த முறை எதுவும் செய்யாது; அதற்குப் பழைய பயிற்சிதான். வாக்கியம் அமைக்கவே திணறும் பிள்ளைகள் மற்றவர் கட்டுரையைச் சரியாகத் தரம் பிரிப்பார்கள், ஆனால் தங்களுடையதை மட்டும் ஒரு படி மேலே வைத்துக்கொள்வார்கள். எழுதிய அன்றே மதிப்பிடச் சொன்னால் இது இன்னும் அதிகம், இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டால் குறைகிறது. மதிப்பெண் எல்லைகளில், அதாவது 5க்கும் 6க்கும் நடுவில், அவர்கள் கணிப்பை நம்ப முடியாது. எனக்கும் சக ஆசிரியருக்குமே அங்கே ஒத்துப்போவதில்லை.

இன்னொரு சிக்கலையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பொதுத்தேர்வில் வேகமாகத் திருத்துபவர் கண்ணில் உட்தலைப்பும் மேற்கோளும் முதலில் படும். “அப்போ குறள் வேண்டாமா ஐயா?” என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. குறளுக்கு அடுத்த வரி அதை அந்தத் தலைப்போடு கட்டுகிறதா என்று பார்க்கச் சொல்கிறேன்.

ஒரு தலைப்புக்கு இரண்டு பாடவேளை போய்விடும். அதனால் ஒரு பருவத்தில் ஒரு முறைக்கு மேல் செய்ய முடிவதில்லை. செய்வதென்றால் காலாண்டுத் தேர்வுக்கு முன்பு. மாதிரிகளை ஆண்டுதோறும் மாற்றியாக வேண்டும், ஏனென்றால் அக்காவின் ஜெராக்ஸ் தாளை விடையோடு கொண்டுவரும் தம்பிகள் எல்லாப் பிரிவிலும் இருக்கிறார்கள்.